கூரை மாற்றும் காலம்

வாடகை வீட்டில் திருத்தவேலை என்றதும் இரு தரப்பாரும் அஞ்சுகின்றனர். போனால் திரும்ப விடமாட்டார் என்பது குடியிருப்பவரின் அச்சம். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வந்தபின், வழக்குகளில் ஆண்டுக்கணக்காக அலைந்தோரைக் கண்ட வீட்டுக்காரருக்கோ, கடிதம் எழுதிக் கொடுக்கவே தயக்கம்.

எமது அயலிலே, கொக்குவிலில், நிகழ்ந்த ஒன்றைச் சொல்வோம். பழைய ஓட்டு வீடு. முகடு நடுவிலே தாழ்ந்திருந்தது. சுவரோரம் மரத்தூள் உதிர்ந்தது. கைமரத்தைத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை. கறையான் தின்ற கூரையை முழுதும் இறக்கவேண்டும். அதன்கீழ் பிள்ளைகளுடன் எவரும் இருத்தல் தகாது.

“தம்பி, ஆனியில் தொடங்கினால் ஆவணிக்குள் முடியும். ஐப்பசி மழைக்குமுன் ஓடு ஏறவேண்டும்” என்றார் வீட்டுக்காரப் பெரியவர்.

“திரும்பி வருவோம் என்பதற்கு என்ன சான்று, ஐயா?” என்றார் குடியிருந்த இளைஞர். கேட்கவேண்டிய கேள்விதான்!

கடிதத்தை எழுதும் பணி எம்மிடம் வந்தது. ‘வீட்டை ஒப்படைக்கிறேன்’ என்று இளைஞர் எழுதியிருந்த வரியை முதலில் அடித்தோம். அவ்வாறு எழுதித் திறப்பையும் கையளித்தால், குடியிருப்பை அவரே முடித்துக்கொண்டார் என்று பின்னர் வாதிட இடமுண்டு. ‘திருத்தவேலைக்காகத் தற்காலிகமாக விலகியிருக்கிறேன், வாடகை உடன்படிக்கை தொடர்கிறது’ என எழுதுவித்தோம். தனிக் கூரையுடைய பின்னறையில் அவருடைய தளபாடங்கள் இருந்தன. அதன் திறப்பு அவரிடமே நின்றது. மாத வாடகை முப்பதாயிரம் ரூபாய். வேலை நடந்த காலத்தில் அவ்வறைக்கு மட்டும் ஐயாயிரம், அதற்குப் பற்றுச்சீட்டு. தொகை சிறிதெனினும், உறவு அறவில்லை என்பதற்கு அச்சீட்டே சாட்சி. முற்பணம் அப்படியே நின்றது. தச்சரின் வாள் இழுக்கும் மின்சாரம் குடியிருப்பவர் தலையில் விழாதிருக்க, விலகிய நாளின் மீற்றர் எண்ணையும் குறித்தோம்.

நாளைக் குறிப்பதிலேதான் நெடுநேரம் சென்றது. ஆறு வாரம் போதும் என்றார் தச்சர். ஆனால் ஓட்டை இறக்கியபின்னரே மரத்தின் உண்மை நிலை தெரியும். சுவரில் பதிந்திருக்கும் முனைகளே பெரும்பாலும் முதலில் உக்குவன. கீழிருந்து பார்ப்பவர்க்கு அவை புலப்படா. ஆகவே மேலும் இரு வாரம் கூட்டி, ஓகஸ்ட் 31 எனக் குறித்தோம். அதன்மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும், திரும்பியபின் தரும் முதல் மாத வாடகையில் ஐந்நூறு ரூபாய் கழியும். பெரியவர் சற்று முகம் சுளித்தார், எனினும் கையெழுத்திட்டார்.

அஞ்சியவாறே மூன்று வளைகளின் முனைகள் உக்கியிருந்தன. மரம் வாங்கி அறுப்பிக்க ஒன்பது நாள் பிந்தியது. குடும்பம் திரும்பிய முதல் மாதம் இருபத்தையாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு எழுதினார் பெரியவர். பின்னறைத் திறப்பைப் பற்றி எவரும் பேசவில்லை.