பாதையின் திசையும் பயணியின் வேகமும்

வெளியில் இயங்கும் ஒரு புள்ளி எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பதை x, y, z என்னும் மூன்று தூரங்களால் குறித்து, அவை ஒவ்வொன்றையும் காலத்தின் சார்பாக எழுதிவிட்டால், அப்புள்ளியின் பாதை முழுவதும் அம்மூன்று சார்புகளுக்குள் அடங்கிவிடுகிறது. உதாரணமாக, மூன்று மீட்டர் ஆரமுள்ள ஓர் உருளையைச் சுற்றியவாறே மேலேறும் புள்ளியொன்று, t விநாடியில் (3 cos t, 3 sin t, 4t) என்னும் ஸ்தானத்தில் இருப்பதாகக் கொள்வோம். அது வரையும் கோடு சுழற்படிக்கட்டின் கைப்பிடியைப் போன்றது.

புறப்படும் கணத்தில் அது எத்திசையில் செல்கிறது என்று அறிய, (3, 0, 0) என்னும் ஆரம்ப ஸ்தானத்தையும் சிறிது நேரங்கழித்து அது சென்றடையும் ஸ்தானத்தையும் ஒரு நாணால் இணைத்து, அந்த இடப்பெயர்ச்சியைக் கழிந்த நேரத்தால் வகுக்க வேண்டும். 0.1 விநாடிக்கு ஏறத்தாழ (-0.150, 2.995, 4) கிடைக்கிறது, 0.01 விநாடிக்கு (-0.015, 3.000, 4) ஆகிறது; நேரம் குறையக் குறைய விடை (0, 3, 4) என்பதை நெருங்குகிறது. இந்த எல்லையே அக்கணத்தின் திசைவேகம். நாண்களை வரையாமல், மூன்று சார்புகளையும் தனித்தனியே வகையிட்டாலும் (-3 sin t, 3 cos t, 4) என்று பெற்று, t = 0 எனப் பிரதியிட்டு அதே விடையை அடையலாம். இதன் நீளம் எக்கணத்திலும் 5; ஆகவே புள்ளி விநாடிக்கு 5 மீட்டர் என்னும் மாறாத வேகத்துடன், திசையை மட்டும் இடையறாது மாற்றிக்கொண்டு ஏறுகிறது. புறப்படும் கணத்தின் திசைவேகத்தை அதன் நீளத்தால் வகுத்தால் எஞ்சும் (0, 0.6, 0.8) ஓரலகுத் தொடுகோட்டுத் திசையன் ஆகும்.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. t-க்குப் பதிலாக t³ என்று எழுதினால் பாதை அணுவளவும் மாறாது; ஆனால் t = 0 கணத்தில் திசைவேகம் பூஜ்யமாகிவிடும். எனினும் அக்கணத்திற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் ஓரலகுத் திசையன் (0, 0.6, 0.8) என்பதையே நெருங்குவதால், புள்ளி ஒரு கணம் நின்று, சென்ற வழியே மேலே செல்கிறது என்று உணர்கிறோம். (t², t³, t⁴) என்னும் பாதையின் கதை வேறு. அதன் திசைவேகமாகிய (2t, 3t², 4t³) என்பதும் t = 0 கணத்தில் மறைகிறது; ஆயினும் முன்பு (-1, 0, 0) என்பதை நெருங்கிய ஓரலகுத் திசையன், பின்பு (1, 0, 0) என்று நேரெதிராகத் திரும்பிவிடுகிறது; பாதை அங்கே கூர்முனையாகிறது. எதிர்த்திசை தோன்றிய இடமெல்லாம் கூர்முனை என்றும் முடிவுகட்ட இயலாது. ஏனெனில் நமது சுருளிலேயே t² என்று எழுதினால், இறங்கிவந்த புள்ளி வந்த வழியே திரும்பி ஏறுமேயன்றிப் பாதைக்கு ஊறு ஏதும் இல்லை.

ஆதலால், திசைவேகம் பூஜ்யமான இடத்தில் தொடுகோடு இல்லையென்று தீர்ப்புக் கூறுவது பிழை. இரு பக்கத்து ஓரலகுத் திசையன்களையும் ஒப்பிட்டு, அவை எதிர்த்து நின்றால் பாதையின் வடிவத்தையும் நோக்கிய பின்னரே முடிவு சொல்லுதல் தகும்.