எந்த போர்ட்டில் என்ன வசதி?

டிவி வாங்குமுன் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பும் பலரும் “எத்தனை எச்டிஎம்ஐ போர்ட்?” என்று மட்டும் கேட்கிறார்கள். “நான்கு” என்று பதில் வரும். அது போதாது. சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் ‘இ-ஆர்க்’ வசதி பொதுவாக ஒரே போர்ட்டில்தான் இருக்கும். விநாடிக்கு 120 பிரேம் வேகத்தில் 4கே படத்தை ஏற்கும் போர்ட்டுகள் பல மாடல்களில் இரண்டே. சிலவற்றில் அந்த இரண்டில் ஒன்றே இ-ஆர்க் போர்ட்டும். அங்கே சவுண்ட்பாரை மாட்டிவிட்டால், இரண்டாவது கேம் கன்சோல் 4கேயில் 60 பிரேமோடு நின்றுவிடும். ‘எச்டிஎம்ஐ 2.1’ என்ற வாசகமும் உத்தரவாதமல்ல. அந்தத் தரத்தில் 120 பிரேம் கட்டாயமில்லை. ஆகவே முழு மாடல் எண்ணைக் குறிப்பிட்டு இப்படி எழுதுங்கள்: “சவுண்ட்பாரை இ-ஆர்க்கில் மாட்டிய பிறகு, 4கே 120 ஏற்கும் போர்ட் எத்தனை மிஞ்சும்? அவற்றின் எண் என்ன?”