நடுங்காத முகம்

2006இல் விருத்தாசலத்தில் வென்று சட்டமன்றத்துக்குப் போன விஜயகாந்த், 2023 டிசம்பர் 28 அன்று மறைந்தார். அடுத்த செப்டம்பரில் வெளியான வெங்கட் பிரபுவின் ‘கோட்’ படத்தில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு அவர் முகம் மீண்டும் திரைக்கு வந்தது. இப்படியொரு முகத்தைப் பார்த்ததும் ‘அச்சு அசலா இருக்கா?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ஆனால் அசையாத படத்தில் சாயல் கொண்டுவருவது இன்று பெரிய வித்தை இல்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்போது அந்த முகம் நடுங்காமல் இருப்பதுதான் கடினம். அந்த நடுக்கத்துக்கு முக்கியக் காரணம் முகத்தை வரையும் நிரல் அல்ல, அதற்கு முன் நடக்கும் அளவெடுப்பு.

முகம் மாற்றும் மென்பொருள், ஒவ்வொரு ஃப்ரேமிலும் கண்ணோரம், மூக்கு நுனி, வாயோரம், தாடை என்று சில புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின்மேல் புது முகத்தைப் பொருத்துகிறது. முந்தைய ஃப்ரேமில் எங்கே குறித்தோம் என்பது அதற்கு நினைவில் இருப்பதில்லை. அதனால் நடிகர் அசையாமல் நின்றாலும் புள்ளிகள் ஒரு பிக்சல் இப்படியும் அப்படியும் விலகும். ஒரு பிக்சல்தானே என்று தோன்றும். 2048 பிக்சல் அகலமுள்ள படம், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு 12 மீட்டர் திரையில் விழுந்தால், ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். காது அசையாமல் நிற்க, கன்னம் மட்டும் அவ்வளவு தூரம் துடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தடுத்த ஐந்து ஃப்ரேம்களின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் போயிற்று என்று சொல்லலாம். நடுக்கம் அடங்கும், உண்மைதான். கூடவே கண்சிமிட்டலும் அடங்கிவிடும். இமைத் திறப்பு ஃப்ரேம்வாரியாக 10, 5, 0, 0, 5, 10 பிக்சல் என்று இருந்தால், ஐந்தின் சராசரி எங்குமே 4க்குக் கீழே இறங்காது. கண் மூடவே மூடாது! சிவந்த விழியை உருட்டியே வசனம் பேசிய நடிகருக்கு இது கட்டாது.

டிஸ்னி ஆய்வகத்தார் 2020இல் வெளியிட்ட முறை வேறு வழியில் போகிறது. அதே ஃப்ரேமில், முகத்தைச் சுற்றிய கட்டத்தைச் சற்றே நகர்த்தி நகர்த்திப் பல முறை புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். பக்கத்து ஃப்ரேமைத் தொடாததால் சிமிட்டல் அப்படியே இருக்கும். தற்செயலான பிழை மட்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஆனால் முகத்தின் குறுக்கே கை வந்தாலோ, தலை முழுக்கப் பக்கவாட்டில் திரும்பினாலோ எத்தனை முறை அளந்தாலும் ஒரே பக்கமாகத்தான் பிசகும். அங்கே ஆள் உட்கார்ந்து கையால் திருத்தவேண்டியதுதான். தோல் நிறம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மினுக்குவது தனி நோய். அதற்கு முந்தைய ஃப்ரேமின் நிறத்தை அசைவுக்கேற்ப நகர்த்திக் கொஞ்சம் கலப்பார்கள்.

முகம் நடுங்குகிறதா என்று சோதிப்பது எளிது. மூக்கின் குறுக்கே ஒரே ஒரு பிக்சல் வரியை ஒவ்வொரு ஃப்ரேமிலிருந்தும் வெட்டி, கீழே கீழே அடுக்குங்கள். நல்ல வேலையானால் மூக்கின் விளிம்பு வழவழப்பான கோடாக இறங்கும். மோசமான வேலையானால் ரம்பப் பல்லாகத் தெரியும்.