போடே வரைபடத்தில் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆன்டெனா எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு சென்சார் அளந்து சொல்கிறது. வேண்டிய கோணத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது பிழை. அந்தப் பிழைதான் மோட்டாரை ஓட்டுகிறது. இதுவே பின்னூட்டம். ஆபத்தும் இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. சிக்னல் ஒரு சுற்று வருவதற்குள் அரை அலை, அதாவது 180 டிகிரி பின்தங்கிவிட்டால் கழித்தல் கூட்டலாகிவிடும். அப்போது அதன் வலுவும் குறையாமல் இருந்தால் ஆன்டெனா இலக்கில் நிற்காமல் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

அந்த நிலைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதைக் காட்டுவது, பெல் ஆய்வகத்தின் ஹென்ட்ரிக் போடே 1930களில் உருவாக்கிய வரைபடம். மேலே கெயின் டெசிபலில், கீழே ஃபேஸ் டிகிரியில். இரண்டுக்கும் அடியில் ஒரே அதிர்வெண் அச்சு. ஒன்றை மறக்கக் கூடாது: பின்னூட்டத்தை மூடுவதற்கு முன், ஒரு முழுச் சுற்றுக்கான வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். மூடிய பிறகு எடுத்த வரைபடத்தில் இந்த மார்ஜின்களை இப்படிப் படிக்க முடியாது.

நம் மோட்டாரின் சுற்று இது என்று வைத்துக்கொள்வோம்:

```
G(s) = 10 / ( s (s+1) (s+5) )
```

முதலில் கீழ் வரைபடம். ஃபேஸ் கோடு −180 டிகிரியைத் தொடுவது வினாடிக்கு 2.24 ரேடியனில். அங்கிருந்து நேர் மேலே போனால் கெயின் −9.5 டெசிபல். பூஜ்ஜியத்துக்கு இருக்கும் அந்த 9.5 டெசிபல்தான் கெயின் மார்ஜின். கெயினை 3 மடங்கு ஆக்கினால் ஊசலாட்டம் நிற்காது என்று அர்த்தம்.

அடுத்து மேல் வரைபடம். கெயின் கோடு பூஜ்ஜிய டெசிபலைக் கடப்பது 1.23 ரேடியனில். அங்கிருந்து கீழே இறங்கினால் ஃபேஸ் சுமார் −155. −180க்கு மிச்சம் 25 டிகிரி; இது ஃபேஸ் மார்ஜின்.

மூன்று மடங்கு இடமிருக்கிறதே என்று கெயின் மார்ஜினை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 25 டிகிரி மிகக் குறைவு. ஆன்டெனாவுக்குப் புதுக் கோணம் கொடுத்தால், அது போக வேண்டிய தூரத்தில் கிட்டத்தட்ட பாதியளவு இலக்கைத் தாண்டிப் போய், பலமுறை ஆடித்தான் அடங்கும். தாமதத்தையும் தாங்காது. சென்சாரிலோ கணினியிலோ ஏற்படும் தாமதம் கெயின் கோட்டைத் தொடாது, ஃபேஸை மட்டும் கீழே இழுக்கும். 1.23 ரேடியனில் 25 டிகிரி என்பது சுமார் 0.36 வினாடி, தாமதம் அவ்வளவானால் இந்த அமைப்பு கைமீறிவிடும்.

எளிய வழி, 10 என்ற எண்ணை 4 ஆக்குவது. ஃபேஸ் கோடு அசையாது. கெயின் கோடு முழுவதும் 8 டெசிபல் கீழே இறங்கும். பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடம் 0.66 ரேடியனுக்கு நகர, ஃபேஸ் மார்ஜின் 49 டிகிரியாகிறது, கெயின் மார்ஜின் 17.5 டெசிபலாகிறது. இலக்கைத் தாண்டுவது ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் ஆன்டெனா முன்பைவிட மெதுவாகத்தான் திரும்பும்.