இரண்டாம் விலைக்கு விட்டால் இழப்பா?

திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் ஒரு மாந்தோப்பின் குத்தகைக்கு மூடிய உறையில் விலை கோரப்படுவதாகக் கொள்வோம். அதிகம் கேட்டவருக்கே தோப்பு. ஆனால், அவர் இரண்டாவது பெரிய தொகையைக் கட்டினால் போதும் என்றால், உடைமையாளருக்கு இழப்புதானே என்பர். இழப்பில்லை என்பதே என் வாதம்.

போட்டியாளர் இருவர். ஒவ்வொருவரின் மதிப்பீடும் பூஜ்யம் முதல் 90 ஆயிரம் ரூபாய்க்குள் எதுவாகவும் சம வாய்ப்புடன் இருக்கலாம். ஒருவர் மதிப்பீடு மற்றவருக்குத் தெரியாது. சராசரியாகப் பெரிய மதிப்பீடு 60 ஆயிரம், சிறியது 30 ஆயிரம்.

இரண்டாம் விலை முறையில், ஒருவர் எழுதும் தொகை வெற்றியை முடிவுசெய்யுமே தவிர, அவர் கட்டும் விலையை அல்ல. எனவே, உண்மை மதிப்பீட்டையே எழுதுவார். வரவு 30 ஆயிரம்.

முதல் விலை முறையில் எழுதியதையே கட்ட வேண்டும். உள்ளபடி எழுதினால் ஆதாயமில்லை. மிகக் குறைத்தால் தோப்பு கைநழுவும். தாம் வெல்லும்போது எதிராளியின் மதிப்பீடு சராசரியாகத் தம்முடையதில் பாதி; ஆகவே பாதியை எழுதுவதே சமநிலை. 60 ஆயிரத்தில் பாதி, அதே 30 ஆயிரம்!

வில்லியம் விக்ரி 1961இல் விளக்கிய இச்சமன்பாட்டுக்கு எல்லையுண்டு. தோப்பை இழக்க அஞ்சுவோர் முதல் விலை முறையில் கூட்டியே எழுதுவர். அங்கே வரவு மிகும். இருவரும் கூடிப் பேசிக்கொண்டாலோ, எம்முறையும் உடைமையாளரைக் காக்காது.