அறுபத்து நான்காயிரம் கோடிப் புள்ளிகளின் நாடு

நெதர்லாந்து முழுவதையும் விமானத்திலிருந்து லேசரால் அளந்த 'ஏ.ஹெச்.என்.2' தொகுப்பில் ஏறத்தாழ 64,000 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. அதைச் சாதாரண பிரவுசரிலேயே சுற்றிப் பார்க்க வைத்தது, வியன்னாவில் மார்கஸ் ஷூட்ஸ் உருவாக்கிய 'போட்ரி' மென்பொருள்.

அது நிலப்பரப்பைப் பெட்டிகளாகப் பிரிக்கிறது; ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எட்டுச் சிறு பெட்டிகள். பெரிய பெட்டியில் புள்ளிகளின் இடைவெளி 8 மீட்டர் என்றால், அடுத்த அடுக்கில் 4, பிறகு 2. பெரிய பெட்டியிலிருந்து ஐந்து அடுக்கு கீழே 25 சென்டிமீட்டர். திரையில் பெரிதாகத் தெரியும் பெட்டிகளுக்கே முன்னுரிமை. சில பத்து லட்சம் புள்ளிகள் என்ற வரம்பை எட்டியதும் மற்றவை காத்திருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, புள்ளியை எவ்வளவு பெரிதாக வரைவது என்ற கேள்விதான். 1080 பிக்சல் உயரத் திரை, 60 பாகைப் பார்வைக்கோணம். 50 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்கு சுமார் 19 பிக்சல் கிடைக்கும். 25 சென்டிமீட்டர் இடைவெளியை நிரப்ப 5 பிக்சல் போதும். அதையே ஒரு பிக்சலாக வரைந்தால் சுவர் சல்லடையாகி, பின்னாலுள்ள வீடு தெரியும். 15 ஆக்கினால் ஜன்னல்கள் மறைந்துவிடும்.

பெரிய பெட்டியின் புள்ளிகளும் சிறியவற்றோடு சேர்ந்தே வரையப்படுகின்றன. அவற்றை 8 மீட்டர் கணக்கில் ஊதினால் நுணுக்கமெல்லாம் மூடிப்போகும். அதனால் போட்ரி, அந்த இடத்தில் இப்போது தெரியும் ஆக நுண்ணிய அடுக்கைத் தேடி, அதன் இடைவெளியையே எல்லாப் புள்ளிகளுக்கும் அளவாக்குகிறது. லேசர் படாத இடத்தின் ஓட்டையை மட்டும் எந்த அளவும் அடைக்காது.