சுக்கிர தசை யாருக்கு அடிக்கிறது?

பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கிவிட்டால், "அவருக்கென்ன, சுக்கிர தசை அடிக்குது" என்று தெருவே சொல்லிவிடும். அவர் ஜாதகத்தைப் புரட்டினால் சனி தசை நடந்துகொண்டிருக்கும், மாதத் தவணையும் கட்டிக்கொண்டிருப்பார். அதே தெருதான், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சுக்கிர தசை என்று கேள்விப்பட்டதும் "குட்டிச் சுக்கிரன் குடியைக் கெடுக்கும்" என்று பயமுறுத்துகிறது. ஒரே கிரகம், ஒரே தசை. பெரியவருக்கு வந்தால் யோகம், பிள்ளைக்கு வந்தால் கேடு என்றால், ஜோதிட நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன?

விம்சோத்தரி என்பது மனித ஆயுளை 120 வருடமாக வைத்துக்கொண்டு ஒன்பது கிரகங்களுக்குப் பங்கு பிரிக்கும் கணக்கு. பெரிய பங்கு சுக்கிரனுக்கு, 20 வருடம். அடுத்தது சனிக்கு 19. சூரியனுக்கு வெறும் 6. வானத்தில் வெள்ளிக் கோள் சூரியனைச் சுற்றிவர 225 நாள் போதும். இந்த 20 வருடத்துக்கும் அந்த ஓட்டத்துக்கும் தொடர்பில்லை. இது நூல் வழியாக வந்த பங்கீடு. அறிவியல் சோதனையில் நிரூபணமானதும் இல்லை. நம்புகிறவர்களுக்கும், நம்பாமல் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான். அதை ஒரு உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம்.

மாசி மாதத்தில் ஒரு தேய்பிறை நாள். தமிழ்நாட்டில் ஒரே ஊரில், ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்று காலை 6.45 மணிக்கு, மற்றது இரவு 10.15 மணிக்கு. இரண்டுக்கும் அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி. இரண்டு ஜாதகக் கட்டங்களிலும் இடது மேல் மூலையில், மீனத்தில், "சு" என்று எழுதியிருக்கும். மீனம் சுக்கிரனுக்கு உச்ச வீடு. இரண்டு குடும்பமும் மகிழ்ந்துபோகும்.

ஆனால் லக்கினம் வேறு. மாசியில் சூரியன் கும்பத்தில் இருப்பதால் காலையில் பிறந்த குழந்தைக்குக் கும்ப லக்கினம். இரவுக் குழந்தைக்கு லக்கினம் துலாமுக்குப் போய்விட்டது. "ல" என்ற எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறதோ, அதை ஒன்று என்று வைத்துத்தான் வீடுகளை எண்ண வேண்டும். அப்படி எண்ணினால், காலைக் குழந்தைக்குச் சுக்கிரன் 2-ஆம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரவுக் குழந்தைக்கோ 6-ஆம் வீட்டில்.

உட்கார்ந்த இடம் பாதிக் கதைதான். சுக்கிரனுக்கு ரிஷபம், துலாம் என்று சொந்த வீடுகள் இரண்டு. ஒவ்வொரு லக்கினத்துக்கும் அந்த இரண்டும் வேறு வேறு எண்ணில் வரும். கும்ப லக்கினத்துக்கு அவை 4-ம் 9-ம். வீடு, வண்டி, தாய், சுகம் எல்லாம் நாலு. தகப்பன், பாக்கியம் ஒன்பது. ஒரே கிரகம் கேந்திரம் ஒன்றுக்கும் கோணம் ஒன்றுக்கும் சொந்தக்காரரானால் அவரை யோககாரகர் என்பார்கள். சுக்கிரனுக்கு அந்தப் பேறு மகர, கும்ப லக்கினங்களில் மட்டுமே. அந்த யோககாரகர் தன ஸ்தானமான இரண்டில் உச்சமாக இருக்கிறார். வீடும் பாக்கியமும் குடும்பப் பணமாக வந்து சேர வேண்டும் என்பது பலன். சொத்து விற்ற காசு, பரம்பரை நிலம், குடும்பத்தில் விசேஷம் என்று ஜோதிடர் சொல்வது இதை வைத்துத்தான்.

துலா லக்கினக் குழந்தைக்குச் சுக்கிரன் 1-க்கும் 8-க்கும் அதிபதி. லக்கினாதிபதியே, தன் உடம்புக்கும் பெயருக்கும் உரியவரே, ஆறில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஆறு என்றால் கடன், நோய், வழக்கு, போட்டி. கூடவே அன்றாட உத்தியோகமும். உச்சமாக இருப்பதால் ஆறாம் வீட்டு விஷயங்கள் எல்லாமே பெரிய அளவில் நடக்கும். வங்கி கேட்டதைவிட அதிகமாகக் கடன் தரும். நல்ல வேலை, நல்ல சம்பளம், அதைவிடப் பெரிய தவணை. வசதி கண்ணுக்குத் தெரியும், பத்திரம் வங்கியில் இருக்கும். தெருவில் "சுக்கிர தசை அடிக்குது" என்று சொல்வது பெரும்பாலும் இவரைப் பார்த்துத்தான்! உறவிலும் அப்படியே: களத்திர காரகன் சண்டை வீட்டில் இருப்பதால் தம்பதிக்குள் பணப்பேச்சு வாக்குவாதமாக முடியும் என்பார்கள். இதையே நல்லவிதமாகப் படிப்பவர்களும் உண்டு. எட்டுக்குடையவர் ஆறில் இருப்பது விபரீத ராஜயோகம், எதிரி விழுந்த இடத்தில் இவர் எழுவார் என்பது அவர்கள் கட்சி. லக்கினாதிபதியும் அவரே என்பதால் எனக்கு அந்த வாதம் அரைகுறையாகத்தான் படுகிறது.

இதைவிடப் பெரிய வித்தியாசம், தசை எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது. மஞ்சள் தடவிய ஜாதக நோட்டின் முதல் பக்கத்தில் "கர்ப்பச் செல் போக சனி மகாதசை இருப்பு" என்று ஒரு வரி இருக்கும். அனுஷம் சனியின் நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் 800 கலை நீளம். பிறந்த நேரத்தில் சந்திரன் அதில் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறதோ, அந்த விகிதத்தில் சனியின் 19 வருடம் கழிந்துவிட்டதாகக் கணக்கு. நம் உதாரணத்தில் காலை 6.45-க்குச் சந்திரன் 100 கலை கடந்திருந்தால், எட்டில் ஒரு பங்கு போக மீதி 16 வருடம் 7 மாதம். இரவு 10.15-க்குள் அது 600 கலை வரை போய்விடும். முக்கால் பங்கு போக மீதி 4 வருடம் 9 மாதம்தான்.

சனிக்குப் பிறகு புதன் 17, கேது 7. பிறகுதான் சுக்கிரன். எனவே காலைக் குழந்தைக்குச் சுக்கிர தசை 40 வயது 7 மாதத்தில் தொடங்கும், இரவுக் குழந்தைக்கு 28 வயது 9 மாதத்தில். ஒரே நாள், ஒரே நட்சத்திரம், ஏறக்குறைய 12 வருட இடைவெளி. ஒருவருக்கு இந்த 20 வருடம் கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் என்ற வயதில் விழுகிறது. மற்றவருக்குப் பிள்ளைகளைக் கரையேற்றி ஓய்வுபெறும் வயதில்.

20 வருடமும் ஒரே மாதிரி ஓடாது. உள்ளே ஒன்பது புத்திகள். முதலில் சுக்கிரனின் சுயபுத்தி 3 வருடம் 4 மாதம்; கடைசியில் கேது புத்தி 1 வருடம் 2 மாதம். இரவுக் குழந்தையை மட்டும் தொடர்ந்து பார்ப்போம். துலாமுக்கு 2, 7-க்குடைய செவ்வாயின் புத்தி 34 வயது 9 மாதத்தில் தொடங்கி 14 மாதம் நடக்கும். கல்யாணம் தள்ளிப்போயிருந்தால் ஜோதிடர் விரல் வைக்கும் இடங்களில் இது ஒன்று. 38 வயது 11 மாதத்தில் குரு புத்தி. துலாமுக்குக் குரு 3, 6-க்குடையவர். ஆறில் நிற்கும் தசாநாதனும் ஆறாம் அதிபதியும் சேரும் 2 வருடம் 8 மாதம் அது. குரு என்றாலே நல்லது என்று நினைத்துப் பெரிய கடனில் இறங்குவது இங்கேதான் நடக்கும். அடுத்து வருவது 3 வருடம் 2 மாதச் சனி புத்தி. ஜனங்கள் சனி என்றதும் முகம் சுளிப்பார்கள். துலாமுக்கு 4, 5-க்குடைய யோககாரகர் அவர்தான். சொந்த வீட்டுக் கதவு திறப்பதானால் இந்தப் புத்தியில் திறக்கும் என்பது நூல் கணக்கு.

மற்ற வீடுகளில் மூன்றைச் சொன்னால் போதும். நாலாம் வீட்டில் சுக்கிரனுக்குத் திக்பலம் உண்டு. வண்டி, வீடு, அலங்காரம் எல்லாம் நேரடியாகக் கைக்கு வரும் இடம் அது. ஏழில் இருந்தால் "காரகோ பாவ நாஸ்தி" என்று ஒரு விதி குறுக்கே வருகிறது. கல்யாணத்துக்குரிய கிரகம் கல்யாண வீட்டிலேயே இருந்தால் எதிர்பார்ப்பு கூடி ஏமாற்றமும் கூடும் என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். பன்னிரண்டு, மற்ற கிரகங்களுக்கு மறைவு ஸ்தானம். அயன சயன போகம் என்று பெயர் பெற்ற அந்த வீட்டில் சுக்கிரனுக்கு மட்டும் விலக்கு. சுகத்துக்குக் குறையிருக்காது, அதற்கான பணம் வெளியே போய்க்கொண்டிருக்கும். வெளியூர், வெளிநாட்டு வாசமும் இங்கே பேசப்படும்.

குட்டிச் சுக்கிரன் பயமும் இதே கணக்கில்தான் தெளிகிறது. பரணி, பூரம், பூராடம் நட்சத்திரக்காரர்கள் சுக்கிர தசையிலேயே பிறக்கிறார்கள். அசுவினி, மகம், மூலம் என்றால் 7 வயதுக்குள் அது வந்துவிடும். சுக்கிரன் தரும் சுகமும் காதலும் பணமும் படிக்கிற பிள்ளைக்கு உதவாது, படிப்பைக் கலைக்கும் என்பதே பழமொழியின் கவலை. சுக்கிரன் எந்த வீட்டுக்காரர் என்று பார்க்காமல் அதை எல்லாப் பிள்ளைகள் மேலும் ஏற்றுவது அநியாயம். மகர லக்கினத்துக்கு அவர் 5, 10-க்குடையவர்; ஐந்து புத்திக்குரிய வீடு.

பிழை நுழையும் இடம் பிறந்த நேரம். சந்திரன் ஒரு மணிக்குச் சுமார் 33 கலை நகர்கிறது. அனுஷத்தில் பிறந்தவருக்கு நேரம் ஒரு மணி தப்பினால் தசைத் தொடக்கம் 9 மாதம் தள்ளிப்போகும், ஐந்து நிமிடம் தப்பினால் சுமார் 24 நாள். வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்த ஜாதகத்தையும் திருக்கணிதத்தில் கணித்ததையும் பக்கத்தில் வைத்தால் தசை இருப்பு ஒத்துப்போகாமல் இருப்பது இதே காரணத்தால்தான்; சந்திரன் நிற்கும் இடம் இரண்டிலும் கொஞ்சம் மாறுகிறது. எனவே "வரும் தை பத்தாம் தேதி முதல் யோகம்" என்று யாராவது தேதி குறித்துக் கொடுத்தால், அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். "சுக்கிரன் உச்சம்" என்று சொல்லி ஜோதிடர் நிறுத்திக்கொண்டால், "எந்த வீட்டில், எந்த வீடுகளுக்குச் சொந்தக்காரராக?" என்று நீங்களே கேளுங்கள்.

கார்த்திகை, உத்திரம், உத்திராடம் நட்சத்திரக்காரர்களுக்குச் சுக்கிர மகாதசை தொடங்க 94 வயதாவது ஆக வேண்டும். அவர்களும் கல்யாணம் செய்துகொண்டு, வீடு கட்டி, கார் வாங்கித்தான் வாழ்கிறார்கள். ஒவ்வொரு தசையிலும் ஆறில் ஒரு பங்கு சுக்கிர புத்திக்கு உண்டு. 18 வருட ராகு தசையில் அது முழுசாக 3 வருடம்.